சங்கப் பொருளாளர் பொறுப்பை முறையாக ஒப்படைத்து விலகுவது எப்படி?

கோவை, திருப்பூர், ஈரோடு என்று எந்த ஊரில் புது லே-அவுட் போட்டாலும், முப்பது நாற்பது வீடு ஏறியதும் ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் முளைத்துவிடும். தலைவருக்கும் செயலாளருக்கும் ஆள் சீக்கிரம் கிடைத்துவிடுவார். பொருளாளருக்குத்தான் தட்டுப்பாடு. ரிட்டயர்டு பேங்க் ஆள், மில் கணக்குப்பிள்ளை, பனியன் கம்பெனி அக்கவுன்டன்ட் என்று யாராவது ஒருவரைப் பிடித்து உட்கார வைப்பார்கள். உட்கார்ந்தவர் எழுந்திருக்க நினைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. “நீங்களே இருங்கண்ணா, உங்கள விட்டா யாருங்க இதைப் பாக்கறது?” என்று ஆளாளுக்கு மரியாதையாகச் சொல்வார்கள். அந்த மரியாதையில் ஒரு வருடம் ஓடிப்போகும்.

முதல் தடவையாகப் பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறவர்களுக்காக இது எழுதப்படுகிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி பதிவான சங்கம், வங்கியில் சங்கத்தின் பெயரில் கணக்கு, மாதச் சந்தா, ஒரு வாட்ச்மேன், ஒரு போர் மோட்டார் என்ற அளவில் உள்ள சங்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலைவரோ செயலாளரோ விலகும்போது இதில் பாதி வேலைதான் இருக்கும். பணம் அவர்கள் கையில் இல்லை என்பதே காரணம்.

விஷயத்தின் மையம் ஒன்றுதான். கடிதம் கொடுத்த அன்றே பதவி போய்விடலாம். ஆனால் உங்கள் கையெழுத்து வங்கியில் இருக்கும், உங்கள் போன் நம்பருக்கு ஓடிபி வரும், நீங்கள் எழுதிக் கொடுத்த செக் யாருடைய சட்டைப் பையிலாவது இருக்கும். இவற்றை எந்த வரிசையில் முடிக்கிறோம் என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

எப்போது விலகுவது

மார்ச் 31 கணக்கு முடிவோடு விலகுவதுதான் நல்லது. அந்த வருடத்துக் கணக்கு முழுக்க உங்கள் பெயரில் ஆடிட் ஆகிவிடும். ஏப்ரல் 1-லிருந்து வரும் கணக்கு புதியவர் பெயரில் தொடங்கும். நடு வருடத்தில் விலகினால் ஒரே வருடத்துக்கு இரண்டு பொருளாளர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எந்த வவுச்சர் யாருடையது என்று ஆடிட்டர் இரண்டு பேரையும் கூப்பிடுவார். வெளியூர் மாற்றல், உடம்புக்கு முடியாதது போன்ற காரணங்களால் நடுவில் விலக நேர்ந்தால், ஏதாவது ஒரு மாதக் கடைசி நாளை வெட்டுநாளாக வைத்துக்கொள்ளுங்கள். மாத நடுவில் எந்தத் தேதியும் வேண்டாம். சந்தா வசூல் பாதியில் இருக்கும்போது கணக்கைப் பிரிப்பது தலைவலி.

இந்தச் சட்டத்தின்கீழ் செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கலாம் என்பது வேறு. உங்கள் மூன்றாவது ஆண்டு முடிகிற சமயமாக இருந்தால் ராஜினாமாவே வேண்டாம். “மறுபடி நிற்கவில்லை” என்று எழுதிக் கொடுத்தால் போதும். யாரும் முகம் சுளிக்காமல் வெளியே வர இது நல்ல வழி.

பிப்ரவரி முதல் வாரத்தில் கடிதம், மார்ச் 31-இல் கணக்கு முடிப்பு, ஏப்ரல் கடைசிக்குள் கூட்டம், மே மாதத்தில் ஒப்படைப்பு என்று வைத்துக்கொண்டால் மூச்சு முட்டாது. கூட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை குறிக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் முகூர்த்த ஞாயிறாக இருந்தால் பாதிப் பேர் மண்டபத்தில் இருப்பார்கள். ஊரில் மாரியம்மன் நோம்பி என்றால் மீதிப் பேரும் கிளம்பிவிடுவார்கள். ஆள் வராமல் கூட்டம் தள்ளிப்போனால் உங்கள் விலகலும் அதோடு தள்ளிப்போகும்.

கடிதம்

முதலில் தலைவரிடமும் செயலாளரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அவர்களுக்கு மனத்தாங்கல் வரும், அது நியாயமும்கூட. சொன்ன அன்றைக்கோ மறுநாளோ கடிதத்தைக் கொடுத்து, நகலில் “பெற்றுக்கொண்டேன்” என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். எந்தப் பொறுப்பிலிருந்து விலகுகிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து, ஒப்படைப்பை எப்படி முடிக்கப் போகிறீர்கள். பொருளாளர் பதவியிலிருந்து மட்டுமா, செயற்குழுவிலிருந்துமா என்பதைச் சொல்லாமல் விடுவது அடிக்கடி நடக்கிற தவறு. “சங்கத்திலிருந்து விலகுகிறேன்” என்று எழுதிவிட்டால் உறுப்பினர் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிட்டு, அடுத்த பொதுக்குழுவில் ஓட்டு இல்லை என்பார்கள். ஒரு மாதிரி:

> மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,
>
> வணக்கம். நமது சங்கத்தின் பொருளாளர் பொறுப்பிலிருந்தும் செயற்குழுவிலிருந்தும் வரும் மார்ச் 31 மாலையோடு விலகிக்கொள்கிறேன். சங்கத்தின் உறுப்பினராகத் தொடர்வேன்.
>
> மார்ச் 31 வரையிலான கணக்கை முடித்து ஏப்ரல் 15-க்குள் தணிக்கைக்குக் கொடுக்கிறேன். புதிய பொருளாளரின் கையெழுத்து வங்கியில் பதிவாகும் வரை, செயற்குழு தீர்மானித்தால், வங்கிக் கையெழுத்துக்கு மட்டும் உதவியாக இருக்கிறேன். எல்லாப் பதிவேடுகளையும் கணக்கெடுத்து, எழுத்துப்பூர்வமாக ஒப்படைக்கிறேன்.
>
> இதுவரை அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி.

இவ்வளவு போதும். காரணம் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எழுதினால் அதற்கு ஒருவர் தீர்வு சொல்லி உங்களை மறுபடி உட்கார வைப்பார். யார்மீதாவது வருத்தம் இருந்தால் அதற்கும் இந்தக் கடிதம் இடமில்லை. இது கோப்பில் பல வருடம் கிடக்கப் போகிற காகிதம்.

“புது ஆள் கிடைக்கிற வரைக்கும் இருக்கிறேன்” என்று மட்டும் வாயால்கூடச் சொல்லாதீர்கள். அப்புறம் புது ஆளைத் தேட யாருக்கும் அவசரம் இருக்காது. அதற்குப் பதிலாக, கடிதம் கொடுப்பதற்கு முன்பே இரண்டு பேரிடம் பேசி வைத்து, அவர்கள் சம்மதித்தால் பெயரைத் தலைவரிடம் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளத் தயங்குகிறவரை மார்ச் மாதம் முழுக்க ரசீது போடும்போதும் வவுச்சர் எழுதும்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், வேலை இவ்வளவுதானா என்று அவருக்கே தைரியம் வந்துவிடும்.

கணக்கை முடிப்பது: ஒரு உதாரணம்

அறுபத்து நான்கு வீடு, வீட்டுக்கு மாதம் 300 ரூபாய் சந்தா உள்ள ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். மார்ச் 31 மாலை ரொக்கப் புத்தகத்தின்படி வங்கியில் இருக்க வேண்டியது 1,84,350 ரூபாய். பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் 2,04,750 இருக்கிறது. 20,400 ரூபாய் அதிகம். புதிதாக வந்தவர்கள் இங்கே இரண்டு வகையில் சறுக்குகிறார்கள். ஒன்று, பாஸ்புக்கில் அதிகம்தானே இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடுவது. இன்னொன்று, புத்தகத்தைப் பாஸ்புக்குக்குச் சமமாக ஒரே வரியில் திருத்திவிடுவது. இரண்டாவது ரொம்ப மோசம். அடுத்த வருட ஆடிட்டில் அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செக் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் பாஸ்புக்கோடு ஒவ்வொன்றாக டிக் அடித்து வந்தால், இரண்டு செக் இன்னும் வங்கிக்குப் போகவில்லை என்று தெரிகிறது. பிளம்பருக்கு மார்ச் 18-இல் கொடுத்த 7,500. போர் மோட்டாருக்குக் காயில் கட்டிய கடைக்கு ஜனவரி 10-இல் கொடுத்த 12,000. இரண்டும் சேர்த்து 19,500. பாஸ்புக் தொகையிலிருந்து இதைக் கழித்தால் 1,85,250. புத்தகத்தை விட இன்னும் 900 அதிகம். இந்த 900 பெரும்பாலும் பெயர் சொல்லாமல் யுபிஐயில் வந்த சந்தாவாக இருக்கும். மூன்று மாதத்துக்கான சந்தா 900 என்பது கணக்குக்குப் பொருந்தி வருகிறது. வங்கி விவரத்தில் அனுப்பியவர் பெயரைப் பார்த்து, வீட்டு எண்ணைக் கண்டுபிடித்து, ரசீது போட்டுப் புத்தகத்தில் ஏற்றினால் புத்தகமும் 1,85,250 ஆகிவிடும். அனுப்பியவர் வீட்டுக்காரராக இல்லாமல் வெளிநாட்டிலிருக்கும் அவர் மகனாக இருக்கலாம், அல்லது வாடகைக்கு இருப்பவராக இருக்கலாம். கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் “பெயர் தெரியாத வரவு” என்று தனியாகக் காட்டுங்கள். ஏதாவது ஒரு வீட்டின் பேரில் ஊகித்து ஏற்றாதீர்கள்.

அடுத்து கைரொக்கம். புத்தகப்படி 3,240 இருக்க வேண்டும். மேசையில் கொட்டி எண்ணி, நோட்டு வாரியாக எழுதுங்கள்: 500 ஐந்து, 100 ஆறு, 20 ஐந்து, 10 நான்கு. கூட்டினால் 3,240. நோட்டு வாரியாக எழுதுவது வீண் வேலை போலத் தோன்றும். உண்மையிலேயே எண்ணிப் பார்த்துத்தான் எழுதினார் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

பிறகு, பணமாகக் கையில் இல்லாதவை. 1,50,000 ரூபாய் பிக்சட் டெபாசிட், ஜூலையில் முதிர்கிறது. வாட்ச்மேனுக்குக் கொடுத்த 5,000 ரூபாய் முன்பணத்தில் மாதம் ஆயிரமாகப் பிடித்தது போக மீதி 3,000. ஏழு வீடுகளின் சந்தா பாக்கி 11,400. இவை ரொக்கப் புத்தகத்தைப் புரட்டினால் கண்ணில் படாது. உங்கள் தலைக்குள்தான் இருக்கும். வாட்ச்மேன் முன்பணத்தை எழுதாமல் விட்டால், புதியவர் முழுச் சம்பளத்தைக் கொடுத்துவிடுவார். அப்புறம் கேட்டால் வாட்ச்மேனோடு மனக்கசப்பு. கொடுக்க வேண்டியவையும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மோட்டார் இணைப்பின் ஈபி பில் எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பதை எழுதி வையுங்கள். அது தவறி ஃபியூஸ் பிடுங்கப்பட்டால் அறுபத்து நான்கு வீட்டுக்கும் புழங்கத் தண்ணீர் இருக்காது. முதல் மாதத்திலேயே புதியவர் பெயர் கெட்டுவிடும்.

பாக்கிப் பட்டியலைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வீட்டு எண், எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு, என்ன பேச்சு நடந்தது என்பதைப் புதியவரிடம் மட்டும் எழுதிக் கொடுங்கள். “மாடி வீடு கட்டி முடிந்ததும் மொத்தமாகக் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்” என்பது போன்ற வாய்ப்பேச்சுகள்தான் இதில் முக்கியம். விலகுவதற்குள் பாக்கியை எல்லாம் வசூலித்துவிடுகிறேன் என்று கடைசி மாதத்தில் வீடு வீடாகப் போய் நெருக்குவதும் தேவையில்லை. பாக்கி இருப்பது உங்கள் கணக்கில் குறையாகாது. அது காட்டப்படாமல் இருந்தால்தான் குறை.

லே-அவுட்டில் பிள்ளையார் கோயில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. மார்கழி பூஜை வசூல், சதுர்த்தி வசூல், உண்டியல் பணம் எல்லாம் பல இடங்களில் அதே பொருளாளரின் அலமாரியில் ஒரு மஞ்சள் பையில் இருக்கும். அதைச் சங்கக் கணக்கில் கலக்காமல் தனித் தாளில் வரவு செலவு எழுதி, தனியாக ஒப்படையுங்கள். கலந்துவிட்டால் இரண்டு கணக்கும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

உங்கள் சொந்த ஜிபேயில் யாராவது சந்தா அனுப்பியிருந்தால், நீங்கள் சங்கத்துக்காகச் சொந்தக் காசைப் போட்டிருந்தால், இரண்டையும் மார்ச் 31-க்குள் நேர் செய்துவிடுங்கள். “நான் போட்டது 2,000, எனக்கு வந்தது 2,100, நூறு ரூபாய்தானே” என்று மனக்கணக்கில் கழித்துக்கொள்ளாதீர்கள். வந்தது முழுதும் சங்கத்துக்கு வரவு. போட்டது முழுதும் பில்லோடு வவுச்சர். இரண்டும் தனித்தனி வரி.

செக்கும் வங்கிக் கையெழுத்தும்

உதாரணத்தில் வந்த அந்த 12,000 ரூபாய் செக்கைத் திரும்பப் பார்ப்போம். செக்கில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும். ஜனவரி 10-இல் எழுதியது ஏப்ரல் 10 வாக்கில் காலாவதி ஆகிவிடும். அது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை, அதற்கு முன்பே வங்கியில் உங்கள் கையெழுத்தை எடுத்துவிட்டால் வருவது. செக் செல்லுபடியாகும் காலத்திலேயே, கணக்கில் பணம் இருந்தும், கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பலாம். கடைக்காரருக்கு அது பவுன்ஸ் ஆன செக்தான். கையெழுத்திடும் அதிகாரம் மாறியதால் திரும்பிய செக்குக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லியிருக்கிறது. காயில் கட்டும் கடைக்காரர் கோர்ட்டுக்குப் போகமாட்டார்தான். ஆனால் அடுத்த தடவை மோட்டார் நின்றால் உடனே ஆள் அனுப்பவும் மாட்டார்.

அதனால் வரிசை இது. மார்ச் தொடக்கத்திலிருந்து புதிய செக் கொடுப்பதை முடிந்தவரை நிறுத்தி, நேரடி வங்கிப் பரிமாற்றமாகச் செய்யுங்கள். மார்ச் 31-இல் நிற்கும் செக்குக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போடுங்கள். “அண்ணா, நம்ம செக் இன்னும் பேங்குக்குப் போகலைங்க. இந்த வாரத்துக்குள்ள போட்டுருங்க, கையெழுத்து மாறப்போகுதுங்க” என்றால் போதும். பிளம்பர் மறுநாளே போட்டுவிடுவார். செக் தொலைந்துவிட்டது என்று மோட்டார் கடைக்காரர் சொன்னால், அந்த எண்ணுக்கு வங்கியில் எழுத்து மூலம் பணம் நிறுத்தச் சொல்லிவிட்டு, தொகையை அவர் கணக்குக்கு அனுப்பி, இரண்டையும் வவுச்சரில் குறியுங்கள். நிற்கும் செக் எதுவும் இல்லை என்று ஆன பிறகுதான் கையெழுத்து மாற்றும் விண்ணப்பம்.

முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்த வெற்றுச் செக்குகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். தலைவர் வெளியூர் போகும்போது நான்கு இலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் பல சங்கங்களில் உண்டு. அவற்றின் குறுக்கே “ரத்து” என்று எழுதி, செக் எண் தெரியும்படி அடிக்கட்டையோடு பின் அடித்து வையுங்கள். கிழித்துப் போட்டுவிட்டால் அந்த எண் எங்கே போனது என்ற கேள்வி நிற்கும்.

வங்கிக்கு என்ன வேண்டும் என்பதைக் கிளையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கிளைக்குக் கிளை கொஞ்சம் மாறும். பொதுவாகக் கேட்பவை: செயற்குழுத் தீர்மானத்தின் நகல், சங்கப் பதிவுச் சான்று, துணைவிதி நகல், புதியவரின் ஆதார், பான், போட்டோ, மாதிரிக் கையெழுத்து. தீர்மானத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். “புதிய பொருளாளர் தேர்வு செய்யப்பட்டார்” என்று மட்டும் எழுதினால் வங்கி திருப்பி அனுப்பிவிடும். கணக்கு எண்ணும், நீங்கும் பெயரும், சேரும் பெயரும், இனி யார் யார் கூட்டாகக் கையெழுத்திடுவார்கள் என்பதும் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

> நமது சங்கத்தின் ……… வங்கி, ……… கிளை, சேமிப்புக் கணக்கு எண் ……… மற்றும் டெபாசிட் எண் ……… ஆகியவற்றில் திரு. ……… அவர்களின் கையெழுத்து அதிகாரத்தை நீக்கி, புதிய பொருளாளர் திரு. ……… அவர்களைச் சேர்ப்பதெனவும், தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் கூட்டாகக் கையெழுத்திட்டுக் கணக்கை இயக்கலாம் எனவும் தீர்மானிக்கப்பட்டது. வங்கிப் பதிவில் மாற்றம் முடியும் வரை முன்னாள் பொருளாளரின் கையெழுத்து வங்கி நடவடிக்கைக்கு மட்டும் தொடரும்.

கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் ஒரு இடைவெளி விழும். பொருளாளர் கையெழுத்து கட்டாயம் என்று கணக்கு இருந்தால், வங்கி மாற்றித் தரும் வரை வாட்ச்மேன் சம்பளத்தைக்கூட எடுக்க முடியாது. டெபாசிட் எண்ணைச் சேர்ப்பதும் இதே போலத்தான். சேமிப்புக் கணக்கில் மட்டும் மாற்றிவிட்டு டெபாசிட்டை மறந்தால், ஜூலையில் அதை எடுக்க உங்களைத் தேடி வருவார்கள்.

கையெழுத்தோடு கணக்கில் பதிந்திருக்கும் மொபைல் நம்பரையும் மாற்றச் சொல்லி விண்ணப்பியுங்கள். இரண்டும் தனித்தனிப் படிவமாக இருப்பது வழக்கம், அதனால் இரண்டாவது விட்டுப்போகும். கையெழுத்து மாறிய பிறகும் ஓடிபியும் வரவு எஸ்எம்எஸ்ஸும் உங்களுக்கே வந்தால், விலகிய பிறகும் பணத்தின் சாவி உங்களிடம் இருப்பதாகத்தான் அர்த்தம். வாட்ச்மேன் ரூமில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை யாருடைய போனில் பதிவானது என்றும் பாருங்கள். எல்லாம் மாறியதா என்று உறுதி செய்ய எளிய வழி: அந்த க்யூஆர் வழியாகப் புதியவர் பத்து ரூபாய் அனுப்பட்டும். அது சங்கக் கணக்கில் விழுந்து, எஸ்எம்எஸ் அவருடைய போனில் வந்தால் வேலை முடிந்தது. அந்தப் பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு.

ஒப்படைக்கும் நாள்

புதியவர் வீட்டிலோ சங்க அறையிலோ ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். செயலாளரோ வேறொரு உறுப்பினரோ சாட்சியாக இருக்கட்டும். ஒப்படைப்புத் தாள் இரண்டு பிரதி. அதில் மேலே சொன்ன இருப்பு விவரமும், கொடுக்கும் பொருட்களின் பட்டியலும் இருக்கும். பட்டியலில் “ரசீது புத்தகம் – 4” என்று எழுதுவது பயனில்லை. “ரசீது புத்தகம் எண் 12, கடைசியாகப் போட்ட ரசீது 1163, வெற்று ரசீது 1164 முதல் 1200 வரை” என்று எழுத வேண்டும். செக் புத்தகத்துக்கும் அப்படியே, முதல் வெற்று இலையின் எண்ணோடு.

ரொக்கப் புத்தகம், பேரேடு, வருட வாரியாக வவுச்சர் கட்டுகள், பாஸ்புக், டெபாசிட் ரசீது, சங்கத்தின் பான் அட்டை, பழைய தணிக்கை அறிக்கைகள், ரப்பர் ஸ்டாம்ப், மீதியுள்ள லெட்டர்பேடு, சாவிகள். ஸ்டாம்பும் லெட்டர்பேடும் சின்ன விஷயமாகத் தெரியும். வீடு விற்கிறவர்கள் சங்கத்திடம் பாக்கி இல்லை என்று கடிதம் கேட்பார்கள். பழைய பொருளாளரிடம் ஸ்டாம்ப் இருக்கிறது என்று தெரிந்தால் நேரே உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இமெயில் கணக்கு இருந்தால் பாஸ்வேர்டை எழுதிக் கொடுக்காமல், புதியவரே உங்கள் எதிரில் மாற்றிக்கொள்ளட்டும். ஈபி இணைப்பில் பதிந்துள்ள போன் நம்பரையும் அப்போதே மாற்றிவிடலாம்.

ரொக்கத்தை அவர் எண்ணட்டும், நீங்கள் எண்ணிக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதி உங்களிடம். அசல் வவுச்சர் எதையும் பத்திரத்துக்காக என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். நகலோ போட்டோவோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

செயற்குழுவில் ஆள் மாறியதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் படிவம் 7-இல் தெரிவிக்க வேண்டும். அது செயலாளர் வேலை. இருந்தாலும் ஒரு மாதம் கழித்து, தாக்கல் செய்த ஒப்புகையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அது போகாத வரை அரசுப் பதிவில் நீங்கள்தான் பொருளாளர்.

நன்றி சொல்வது

கூட்டத்தில் ஐந்து நிமிடம், குழுவில் ஒரு செய்தி. அதற்கு மேல் வேண்டாம். “எல்லோருக்கும் நன்றி” என்றால் யார் மனதிலும் நிற்காது. யார் என்ன செய்தார் என்று சொன்னால் நிற்கும். பெயர்களை முதல்நாளே தாளில் எழுதி, இன்னொருவரிடம் காட்டி யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது உங்களுக்கு முந்தைய பொருளாளர், சம்பளம் வாங்காமல் காலையில் மோட்டார் போட்டு நிறுத்துகிறவர், கூட்டத்துக்குத் தன் வீட்டு வாசலையும் நாற்காலியையும் கொடுத்து எல்லோருக்கும் காபி போட்ட அம்மா. நன்கொடை கொடுத்தவர்களைத் தொகை வாரியாகச் சொல்லாமல் வீதி வாரியாகச் சொல்லுங்கள்.

குழுவில் போட ஒரு மாதிரி:

> எல்லாருக்கும் வணக்கமுங்க. மார்ச் 31-ஓட பொருளாளர் பொறுப்பை முடிச்சுக்கிட்டேன். கணக்கு ஆடிட்டருகிட்ட கொடுத்தாச்சு. போன கோடையில மோட்டார் எரிஞ்சப்ப மூணாவது வீதிக்காரங்க அன்னைக்கே பணம் சேர்த்துக் கொடுத்ததாலதான் ரெண்டு நாள்ல தண்ணி வந்துதுங்க. மாசம் பொறந்ததும் கேக்காமயே சந்தா போட்டவங்களுக்கு ரொம்ப நன்றிங்க. இனிமேல் சந்தா, ரசீது எல்லாத்துக்கும் புதுப் பொருளாளர் அண்ணனைக் கூப்பிடுங்க, நம்பர் கீழ இருக்குது. என்னோட ஜிபேக்கு யாரும் அனுப்ப வேண்டாமுங்க.

கடைசி இரண்டு வரிகள் நன்றியைப் போலவே முக்கியம். பொன்னாடை, நினைவுப்பரிசு என்று பேச்சு வந்தால், சங்கப் பணத்தில் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் கணக்கு ஆடிட் ஆகும் வருடத்தில் உங்களுக்கே வாங்கிய சால்வைக்கு வவுச்சர் இருப்பது பார்க்க நன்றாக இருக்காது. நாலு பேர் சொந்தக் காசில் ஒரு துண்டு வாங்கிப் போர்த்தினால் அது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்

குழுவில் புதியவரை அட்மின் ஆக்கிவிட்டு, பிறகு உங்கள் அட்மின் பொறுப்பை எடுத்துவிடுங்கள். குழுவில் இருங்கள். அவர் போடும் கணக்கில் தப்பு கண்ணில் பட்டால் தனியாகப் போன் போட்டுச் சொல்லுங்கள். பொதுவில் திருத்தினால் அடுத்த மாதம் அவரும் கடிதம் எழுதிவிடுவார்.

மே கடைசி வரை எந்தச் சந்தேகத்துக்கும் கூப்பிடலாம் என்று தேதி சொல்லிக் கொடுங்கள். அந்த மாதத்திலும் விளக்கம் மட்டும்தான். ரசீதில் கையெழுத்து, பணம் வாங்கிக் கொடுத்தல் எதுவும் இல்லை. பழக்கத்தில் யாராவது உங்கள் ஜிபேக்கு அனுப்பிவிடுவார்கள், அது நிச்சயம். அன்றைக்கே அதே தொகையைச் சங்கக் கணக்குக்கு மாற்றி, வீட்டு எண்ணைக் குறிப்பிட்டு, அனுப்பியவருக்கும் புதியவருக்கும் ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள். ஆடிட்டர் உங்கள் வருடத்துக் கணக்கில் கேள்வி கேட்டால் மட்டும் ஒரு மாதக் கெடு பொருந்தாது. அறிக்கையில் கையெழுத்தாகும் வரை அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஒப்படைப்புத் தாளின் உங்கள் பிரதியை அதுவரை கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.